இரத்த அழுத்தக் கருவியைச் சோதிப்பது கையிலா, கலத்திலா?

இரத்த அழுத்தம் பார்க்கும் தானியங்கிக் கருவியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நோயாளியின் மேற்கையில் ஒரு பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினால், கருவி தானே காற்றடைத்து, தானே காற்றை விட்டு, அரை நிமிடத்தில் இரண்டு எண்களைக் காட்டிவிடும். பெரிய மருத்துவமனைகளில் மட்டுமல்ல, ஒரே மருத்துவரும் ஒரே நர்சும் உள்ள சின்னஞ்சிறு கிளினிக்குகளிலும் இன்று பழைய பாதரசக் கருவியின் இடத்தை இதுதான் பிடித்திருக்கிறது. பாதரசம் நஞ்சு என்பதால் அதைப் படிப்படியாக விலக்குவதென்று 2013-இல் மினமாட்டா உடன்படிக்கை ஏற்பட்டது; 2018-இல் இந்தியாவும் அதை ஏற்றது. எனவே இந்த மாற்றம் நல்ல மாற்றமே. ஆனால் பாதரசக் கருவி போனபோது அதனுடன் இன்னொன்றும் போய்விட்டது. கண்ணாடிக் குழாயில் பாதரசம் பூச்சியத்தில் நிற்கிறதா என்று யாரும் கண்ணால் பார்க்க முடிந்தது. தானியங்கிக் கருவியில் பார்ப்பதற்கு எண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை.

அந்த எண் சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இக்கேள்வியை எங்கள் ஊர்க் கிளினிக் ஒன்றில் கேட்டேன். அங்கிருந்த நர்ஸ் தயங்காமல் விடை சொன்னார்: "நேற்றுக்கூட என் கையிலேயே கட்டிப் பார்த்தேன் சார். 118-க்கு 76 காட்டிச்சு. எனக்கு எப்பவும் அதுதான். மிஷின் சரியாத்தான் இருக்கு."

பல இடங்களில் நடக்கும் சோதனை இதுதான். இது சோதனையே அன்று என்பது என் கருத்து. நர்சின் கவனத்தில் குறை இல்லை; இருந்ததைக் கொண்டு அவர் செய்திருக்கிறார். குறை, மனிதக் கையை அளவுகோலாக வைத்துக்கொண்டதில் இருக்கிறது. ஏன் என்பதை விளக்க, கருவிக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் காண்போம்.

தானியங்கிக் கருவி உண்மையில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதல் வேலை, பட்டைக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தை அளப்பது. இதற்கு உள்ளே சிலிக்கானால் ஆன சிறிய உணர்வி ஒன்று இருக்கிறது. அதிலுள்ள மெல்லிய தகடு காற்றழுத்தத்தால் இம்மியளவு வளைகிறது. வளைவுக்கேற்ப மின்தடை மாறுகிறது. அந்த மாற்றம் எண்ணாகிறது. இந்த அளவில் இது வெறும் அழுத்தமானிதான். சைக்கிள் டியூபில் செருகினாலும் அது அழுத்தத்தை அளக்கும்.

இரண்டாவது வேலை வேறு வகையானது. பட்டையின் அழுத்தம் மெல்லக் குறையும்போது, கைத் தமனியின் ஒவ்வொரு துடிப்பும் பட்டைக் காற்றைச் சற்றே அசைக்கிறது. இந்த அசைவு ஓரிரண்டு மில்லிமீட்டர் பாதரச அளவே இருக்கும். பட்டை அழுத்தம் மிக அதிகமாக இருக்கும்போது அசைவு சிறியது. குறையக் குறையப் பெரிதாகி ஓர் உச்சத்தை அடைந்து, மறுபடி சிறிதாகிறது. பிரெஞ்சு உடலியல் அறிஞர் மாரே 1876-லேயே இத்துடிப்பைப் பதிவு செய்திருக்கிறார். அசைவு உச்சத்தில் இருக்கும்போது பட்டையின் அழுத்தம், தமனியின் சராசரி அழுத்தத்துக்கு ஏறத்தாழச் சமம். கருவி உண்மையில் கண்டுபிடிப்பது இந்தச் சராசரியைத்தான். சிஸ்டோலிக் எனப்படும் மேல் அளவையும் டயஸ்டோலிக் எனப்படும் கீழ் அளவையும் அது நேரடியாகக் காண்பதில்லை. அசைவு உச்சத்தில் இத்தனை பங்காக இருக்கும் இடம் மேல் அளவு, அத்தனை பங்காக இருக்கும் இடம் கீழ் அளவு என்று ஒரு கணக்கின் மூலம் முடிவு கட்டுகிறது. அந்தப் பங்கு என்ன என்பது ஒவ்வொரு கம்பெனியின் இரகசியம். 1905-இல் கொரோட்காஃப் என்ற ருஷ்ய மருத்துவர் காட்டிய வழியில், ஸ்டெதாஸ்கோப்பில் ஒலி தோன்றுவதையும் மறைவதையும் கேட்டு எடுக்கும் அளவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஆகவே கருவி தவறு செய்ய இரண்டு இடங்கள் உண்டு. அழுத்தமானி தவறலாம், கணக்கு தவறலாம். கையில் கட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்து வரும். போதாததற்கு மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொள்ளும். அது கைக்குரியவரின் இரத்த அழுத்தம். அது ஓரிடத்தில் நிற்பதே இல்லை. மூச்சு இழுக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று. பேசினால் ஏறும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தால் இறங்கும். அடுத்தடுத்து எடுத்த இரண்டு அளவுகள் 5 அல்லது 8 மி.மீ. வேறுபடுவது அன்றாட நிகழ்ச்சி. நீளமும் சுருக்கமும் தானே மாறிக்கொண்டிருக்கும் ஒரு ரப்பர் நாடாவைக் கொண்டு மீட்டர் கோலைச் சோதித்தால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

எனவே இரண்டு கேள்விகளையும் பிரித்துக் கேட்க வேண்டும். முதற் கேள்விக்கு, அதாவது அழுத்தமானி சரியா என்பதற்கு, கையே தேவையில்லை. அசையாத காற்று போதும். அந்தச் சோதனையை அதே கிளினிக்கில் நானும் எங்கள் முதுகலை மாணவர் இருவரும் செய்து பார்த்தோம். அதை முழுவதுமாகச் சொல்கிறேன்.

எங்களிடம் இருந்தவை இவை: அரை லிட்டர் கொள்ளும் ஓர் உலோகக் கலம், மூன்று வாய் கொண்ட டி-வடிவக் குழாய் இணைப்புகள் இரண்டு, பழைய இரத்த அழுத்தக் கருவியிலிருந்து எடுத்த ரப்பர் குமிழும் அதன் திருகு வால்வும், சான்றிதழ் பெற்ற ஒரு டிஜிட்டல் அழுத்தமானி. கடைசியாகச் சொன்னதுதான் ஒப்பிடும் அளவுகோல். சோதிக்கப்படும் கருவியைவிட அது பலமடங்கு நம்பகமாக இருக்க வேண்டும். அதன் ஐயப்பாட்டு எல்லை 0.8 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. எங்களுடையதன் சான்றிதழைத் தந்த அளவீட்டு ஆய்வகம் தன் கருவிகளை மேலான ஆய்வகத்தில் ஒப்பிட்டிருக்கும். அந்தச் சங்கிலி இறுதியில் புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் போய் முடியும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் நம் கையிலிருப்பது அளவுகோல் ஆகாது, மற்றுமொரு கருவிதான்.

கருவியிலிருந்து கைப்பட்டையைக் கழற்றிவிட்டு, அந்த வாயிலிருந்து ஒரு குழாயை எடுத்து, இரண்டு டி-இணைப்புகள் வழியாகக் கலம், குமிழ், அளவுகோல் மானி ஆகிய மூன்றோடும் சேர்த்தோம். இப்போது நான்கிலும் இருப்பது ஒரே காற்று. ஆகவே அழுத்தமும் ஒன்றே. பாஸ்கல் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். இங்கே அது அப்படியே வேலை செய்கிறது. பட்டைக்குப் பதில் உலோகக் கலம் எதற்கு என்று கேட்கலாம். பட்டையின் ரப்பர் பை காற்றடைத்த பின்னும் மெல்ல விரிந்துகொண்டே இருக்கும். மெத்தென்ற பிளாஸ்டிக் பாட்டிலும் அப்படியே. உலோகம் அசையாது. கண்ணாடியும் அசையாதுதான், ஆனால் உடைந்தால் ஆபத்து.

தானியங்கிக் கருவியை இப்படியே இயக்கினால் துடிப்பைத் தேடி, கிடைக்காமல் பிழைக்குறி காட்டி நின்றுவிடும். ஆகையால் பழுது பார்ப்போருக்கான கையேட்டில் சொல்லியபடி அதைச் சோதனை நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இந்நிலையில் கருவி தன் பம்பை நிறுத்தி, தன் வால்வை மூடிக்கொண்டு, வெறும் அழுத்தமானியாக நின்று அழுத்தத்தை மட்டும் காட்டும்.

பிறகு குமிழை அமுக்கி, அளவுகோல் மானி 50 காட்டும்படி செய்து நிறுத்தினோம். இரு எண்களையும் ஒரே கணத்தில் படித்தோம். ஒருவர் சொல்ல ஒருவர் எழுதினார். அடுத்து 100, 150, 200, 250. பிறகு இதே படிகளில் இறங்கி வந்தோம். ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது ஒன்றுமாகக் காட்டினால் அது தனி நோய். முள் சுழலும் பழைய வகை மானிகளில் அது உண்டு. இங்கே அந்த வேறுபாடு ஒன்றைத் தாண்டவில்லை.

ஆனால் அளவுகளே கதை சொல்லின. பூச்சியத்தில் கருவி 0 காட்டியது. 50-இல் 49, 100-இல் 97, 150-இல் 146, 200-இல் 194, 250-இல் 243.

இந்த எண்களை ஒரு வரைபடத்தாளில் குறித்துப் பாருங்கள். புள்ளிகள் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் விழும். கோடு பூச்சியத்தின் வழியே செல்லும். ஆனால் அதன் சாய்வு 1 அன்று, 0.97. அதாவது கருவி எந்த அழுத்தத்தையும் நூற்றுக்கு மூன்று பங்கு குறைத்துச் சொல்கிறது. பூச்சியம் சரியாக இருப்பதால் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லா அளவிலும் ஒரே 6 குறைந்திருந்தால் அது பூச்சியப் பிழை; கோடு இணையாகத் தள்ளிப்போயிருக்கும். இங்கே கோடு சாய்ந்திருக்கிறது. இதனால்தான் ஓர் அழுத்தத்தில் மட்டும் சோதிப்பது போதாது. ஒரு புள்ளியைக் கொண்டு கோட்டின் சாய்வைச் சொல்ல முடியாது என்பது உங்களுக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கு.

எவ்வளவு பிழையை மன்னிக்கலாம்? 3 மி.மீ. அல்லது காட்டும் அளவில் நூற்றுக்கு 2, இவற்றில் எது பெரிதோ அதுவே எல்லை என்கிறது பன்னாட்டுத் தரவிதி. 100-இல் 3 குறைந்தது, எல்லையும் 3, கருவி தப்பித்துக்கொண்டது. 150-இல் எல்லை 3, குறைவு 4. 200-இல் எல்லை 4, குறைவு 6. ஆக, தாழ்ந்த அழுத்தங்களில் தேறிய கருவி, உயர்ந்த அழுத்தங்களில் தோற்றது.

இப்போது நர்சின் கைக்கு வருவோம். அவருக்குக் கருவி 118 காட்டியது. அப்படியானால் உண்மையில் இருந்தது 121 அல்லது 122. மூன்று நான்கு மில்லிமீட்டர் வேறுபாட்டை அவர் எப்படி உணர முடியும்? அவருடைய மூச்சே அந்த அளவுக்கு மாற்றும். நலமான கையில் பிழை சிறியதாக இருக்கிறது, அந்தச் சிறுமையையும் கையின் இயல்பான ஏற்ற இறக்கம் மறைத்துவிடுகிறது. பிழை பெரிதாகும் 160, 180 என்ற அளவுகளோ நலமான கையில் வருவதே இல்லை. எந்த இடத்தில் கருவி தவறுகிறதோ அந்த இடத்துக்குக் கையால் போகவே முடியாது. கலத்தில் உள்ள காற்றை நாம் விரும்பிய அழுத்தத்துக்குக் கொண்டுபோகலாம். அது மூச்சு விடாது, பயப்படாது.

ஆறு மில்லிமீட்டர் பெரிய விஷயமா என்று சிலர் கேட்பார்கள். 200 இருப்பவருக்கு 194 என்று சொன்னாலும் மருத்துவர் மருந்து தரத்தான் போகிறார், உண்மை. சிக்கல் எல்லைக்கோட்டில் இருக்கிறது. மேல் அளவு 140-ஐ எட்டினால் உயர் இரத்த அழுத்தம் என்று கொள்வது நம் நாட்டு மருத்துவர்களின் பொதுவான வழக்கம். உண்மையில் 142 உள்ள ஒருவருக்கு இக்கருவி 138 காட்டும். அவரை "பரவாயில்லை, உப்பைக் குறையுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். 140-க்கும் 144-க்கும் இடையே இருப்பவர் அத்தனை பேரும் இப்படியே வாசலைத் தாண்டிப் போவார்கள். மேலும் இது ஒரு நாள் நேர்ந்து மறுநாள் சரியாகும் பிழையன்று. அடுத்த மாதம் வந்தாலும் அதே திசையில், அதே அளவில் ஏமாற்றும். பலமுறை எடுத்துச் சராசரி பார்த்தாலும் போகாது. நான் வகுப்பில் முறைப்பிழை என்று கற்பிப்பது இதைத்தான்.

சோதனையின்போது நடந்த இன்னொரு சிறு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். அதில் நல்ல இயற்பியல் இருக்கிறது. கசிவு இருக்கிறதா என்று பார்க்க 250 வரை காற்றடைத்துக் குமிழின் வால்வை மூடினோம். முதல் நிமிடத்திலேயே 5 மி.மீ. இறங்கிவிட்டது. "கசியுது சார்" என்று மாணவர் ஒருவர் இணைப்புகளை அழுத்தத் தொடங்கினார். சற்றுப் பொறுக்கச் சொன்னேன். அடுத்த ஐந்து நிமிடத்தில் மொத்தம் 4 மி.மீ. மட்டுமே இறங்கியது. ஓட்டை இருந்திருந்தால் முதல் நிமிடம் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இவ்வளவு மாறிப் போகாது. நடந்தது வேறு. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாவதைப் போல, கலத்துக்குள் அமுக்கப்பட்ட காற்றும் சற்றுச் சூடாகியிருந்தது. பிறகு ஆறியது. ஆறும்போது அழுத்தம் குறைந்தது.

இதற்கு ஒரு டிகிரி எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். மானி 200 காட்டுகிறது என்றால், அது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 200. உள்ளே இருக்கும் முழு அழுத்தம் 760-உம் 200-உம் சேர்ந்து 960. அறையின் வெப்பநிலை கெல்வினில் 300 என்று வைப்போம். கன அளவு மாறாதபோது அழுத்தம் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். எனவே ஒரு டிகிரி குறைந்தால் 960-இல் முந்நூற்றில் ஒரு பங்கு, அதாவது 3.2 மி.மீ. குறையும்! ஒரே ஒரு டிகிரிக்கு இவ்வளவு. கலத்தைக் கையால் பிடித்தாலும், வெயில் பட்டாலும் எண்கள் நகரும். அதனால்தான் காற்றடைத்தபின் ஒரு நிமிடம் காத்திருந்து பிறகே கசிவைக் கணக்கிட வேண்டும். நிமிடத்துக்கு 6 மி.மீ. வரை இறங்கலாம் என்று விதி அனுமதிக்கிறது. எங்களுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஒப்பீட்டுக்கு மட்டும் இந்தச் சூட்டால் கெடுதல் இல்லை. இரண்டு மானிகளும் ஒரே காற்றைத்தானே பார்க்கின்றன. காற்று எங்கே போனாலும் சேர்ந்தே போகும்.

"டிஜிட்டல் மானி எதற்கு? எங்கள் பள்ளி ஆய்வகத்தில் யு-வடிவப் பாதரசமானி இருக்கிறதே, அதைவிட உண்மையான அளவுகோல் உண்டா?" என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பாதரசம் பொய் சொல்லாது. ஆனால் அது சொல்வதைத் திருத்திப் படிக்க வேண்டும். மில்லிமீட்டர் பாதரசம் என்ற அலகு, பாதரசம் 0 டிகிரி செல்சியசில் இருக்கும்போது அதன் அடர்த்தியையும், புவியீர்ப்பு முடுக்கம் 9.807 ஆக இருப்பதையும் வைத்து வகுத்தது. அழுத்தம் p = hρg என்பது நினைவிருக்கிறதல்லவா? நம் ஊரில் ρ-வும் வேறு, g-யும் வேறு. 30 டிகிரியில் பாதரசம் விரிந்து அதன் அடர்த்தி ஆயிரத்தில் ஐந்தரைப் பங்கு குறைந்திருக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தமிழ்நாட்டில் g 9.78 மட்டுமே, இதனால் ஆயிரத்தில் இன்னொரு இரண்டரைப் பங்கு. இரண்டும் சேர்ந்து, கோலால் அளந்த 200 மி.மீ. உயரம் உண்மையில் 198.4 தான். சிலிக்கான் உணர்விக்கு இந்தக் கவலைகள் இல்லை. அது நேராக அழுத்தத்தை உணர்கிறது. அன்று அந்தக் கிளினிக்கில் நாங்கள் பாதரசத்தைத் திருத்தாமல் வைத்து ஒப்பிட்டிருந்தால், பாதரசம் 200 எனும்போது கருவி 192 காட்டியிருக்கும். குற்றம் எட்டு என்று எழுதியிருப்போம். அதில் ஒன்றரைக்கு மேல் பாதரசத்தின் கணக்கு. தவிர, உடைந்தால் நஞ்சாகும் பொருளை நோயாளிகள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கடைசியாக ஒன்று செய்தோம். கலத்தில் வேண்டுமென்றே 10 மி.மீ. அழுத்தத்தை விட்டுவிட்டு, கருவியை அணைத்து மறுபடி இயக்கினோம். அளவுகோல் 10 என்றது. கருவி 0 என்றது. இயங்கத் தொடங்கும் கணத்தில் என்ன அழுத்தம் இருக்கிறதோ அதையே பூச்சியமாகக் கொள்வது இக்கருவியின் வழக்கம். பிறகு அது சொல்லும் எண் ஒவ்வொன்றும் 10 குறைவு. பட்டையில் முந்தைய நோயாளிக்கு அடைத்த காற்று முழுதும் வெளியேறாமல் இருக்க, அதை இறுக்கிச் சுற்றிய பின் கருவியை இயக்கினால் இதுவே நடக்கும். நர்ஸ் இதைப் பார்த்ததும், முதலில் இயக்கி, பிறகு கட்டுவதை அன்றே வழக்கமாக்கிக்கொண்டார். ஆனால் இப்படி 10 மி.மீ. போனால் அது கருவியின் பிழை என்று யாரும் எழுதி வைப்பதில்லை. கை தொங்குவதும் அப்படித்தான். பட்டை கட்டிய இடம் இதயத்தைவிட 10 செ.மீ. தாழ்ந்திருந்தால், இடையில் நிற்கும் 10 செ.மீ. இரத்தக் கம்பத்தின் எடை ஏறத்தாழ 8 மி.மீ. பாதரசத்துக்குச் சமம், அளவு அவ்வளவு கூடிவிடும். நாங்கள் ஒரு பிற்பகல் முழுதும் உட்கார்ந்து தேடிய 6 மி.மீ.-ஐவிட இது அதிகம்.

கருவி கம்பெனிக்கு அனுப்பப்பட்டது. சாய்வைத் திருத்தித் தந்தார்கள். திரும்பி வந்ததும் மறுபடி சோதித்தோம்: 50, 100, 150, 199, 249. இனி அழுத்தமானி சரி.

ஆனால் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது என்பதை மறைக்கக் கூடாது. கலத்தில் துடிப்பு இல்லை. எனவே துடிப்பிலிருந்து மேல் அளவையும் கீழ் அளவையும் கணக்கிடும் பகுதியை இச்சோதனை தொடவே இல்லை. அதைச் சோதிக்க மனிதர்கள் வேண்டும். ஒருவர் இருவர் அல்லர். பன்னாட்டுத் தரவிதி குறைந்தது 85 பேரைக் கேட்கிறது. ஒவ்வொருவருக்கும் பயிற்சி பெற்ற இருவர் ஸ்டெதாஸ்கோப் வைத்து எடுக்கும் அளவோடு கருவியின் அளவை மாற்றி மாற்றி ஒப்பிட வேண்டும். வேறுபாடுகளின் சராசரி 5 மி.மீ.-க்குள்ளும் அவற்றின் திட்ட விலக்கம் 8-க்குள்ளும் இருக்க வேண்டும். இது ஒரு கிளினிக் செய்யக்கூடியதன்று. அந்த மாடலை விற்கும் முன் தயாரிப்பாளர் செய்ய வேண்டியது. வாங்குபவர் கேட்க வேண்டியது அந்தச் சோதனையில் இந்த மாடல் தேறியதா என்பதைத்தான். திட்ட விலக்கம் 8 என்றால் என்ன என்பதையும் யோசியுங்கள். தேறிய கருவியும் சிலருக்கு 10 மி.மீ.-க்கு மேல் தவறலாம் என்பதே பொருள். நாடி ஒழுங்கின்றித் துடிக்கும் ஒரு முதியவர் அதே கிளினிக்குக்கு வருகிறார். திருத்தி வந்த பின்னும் கருவி அவருக்கு மூன்று முறையில் 152, 131, 146 என்று காட்டியது. மருத்துவர் அவருக்கு மட்டும் ஸ்டெதாஸ்கோப்பைத்தான் எடுக்கிறார்.

கிளினிக்குகளிலும் மருத்துவமனைகளிலும் இப்போது சில கருவிகளின் முதுகில் "சோதிக்கப்பட்டது" என்று தேதியோடு ஒரு சீட்டு ஒட்டியிருப்பதைக் காண்கிறேன். அந்தச் சீட்டை நான் ஏற்பதில்லை. எதில் சோதித்தார்கள், கையிலா கலத்திலா? எந்தெந்த அழுத்தங்களில்? அளவுகோல் மானியின் சான்றிதழ் எது? 200-இல் கருவி என்ன காட்டியது? இவை இல்லாத சீட்டு, விடை எழுதாமல் "சரி" என்று மட்டும் போட்ட விடைத்தாளைப் போன்றது. ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். அந்த நர்ஸ் அப்படி ஒன்று வைத்திருக்கிறார். ஆறு வரிகள்: 0 முதல் 250 வரை. எதிரே கருவி காட்டியது, அறையின் வெப்பநிலை, கசிவு, சோதித்தவர் கையெழுத்து. பழைய அளவுகளை அவர் அடித்துவிடவில்லை. 194 என்ற எண்ணின் மேல் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டு, அதன் கீழே புதிய 199-ஐ எழுதியிருக்கிறார். அடுத்த சோதனைக்கு ஓராண்டு கழித்து ஒரு தேதியும் குறித்திருக்கிறது.